எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் யார்? ஆண்டறிக்கை ஸ்லைடுகளிலிருந்து நன்றியுரை எழுதும் முறை

ஆண்டு விழாவிலும் பொதுக்குழுக் கூட்டத்திலும் நன்றியுரை ஆற்றும் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்குப் புதிதாக வந்தவரிடம்தான் வந்து சேர்கிறது. விழாவுக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பு ஆண்டறிக்கையின் ஸ்லைடு கோப்பை அவருக்கு அனுப்பி, "சிறப்பம்சங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். கோப்பைத் திறந்தால் எண்கள் இருக்கும், வரைபடங்கள் இருக்கும், அம்புக்குறிகள் இருக்கும். ஆனால் நன்றி சொல்வதற்கு ஒரு மனிதரைக்கூட அதில் காண முடியாது.

ஸ்லைடில் எழுதப்படும் வாக்கியத்தின் இயல்பே இதற்குக் காரணம். "312 நூல்கள் பதிவு செய்யப்பட்டன", "சராசரிக் காலம் குறைந்தது", "புதிய அறை திறக்கப்பட்டது" என்றுதான் அங்கே எழுதுவார்கள். இந்த வாக்கியங்களில் வினை இருக்கிறது. வினை செய்தவர் இல்லை. பதிவு செய்தது யார், காலத்தைக் குறைத்தது யார், அறை கட்டப் பணம் தந்தது யார் என்ற கேள்விகளுக்கு விடை கண்டு, அந்த விடையை மேடையில் சொல்வதே இங்கு நன்றியுரை எழுதுபவரின் வேலை. ஸ்லைடில் உள்ளதைத் திரும்பப் படிப்பது அன்று. அதை அரை மணி நேரத்துக்கு முன்புதான் அரங்கில் உள்ள அனைவரும் திரையில் பார்த்திருப்பார்கள்.

முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகவே சொல்கிறேன். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்காகப் பாடநூல்களையும் பொது நூல்களையும் வாசித்து ஒலிநூலாக்கித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டறிக்கையில் சிறப்பம்சங்களாக ஆறு ஸ்லைடுகள் இருக்கின்றன. முதலாவது, 312 நூல்கள் பதிவு செய்யப்பட்டன, சென்ற ஆண்டு 208, எனவே 50 விழுக்காடு உயர்வு என்கிறது. இரண்டாவது, பயனாளிகள் 1,940 என்கிறது. மூன்றாவது, ஒரு நூலை முடிக்க ஆகும் சராசரிக் காலம் "செயல்முறை மேம்பாட்டின் மூலம்" 41 நாள்களிலிருந்து 26 நாள்களாகக் குறைந்தது என்கிறது. நான்காவது, தன்னார்வலர்கள் 86 பேர், 4,700 மணிநேரம். ஐந்தாவது, புதிய ஒலிப்பதிவு அறை. ஆறாவது, நன்கொடை 18 விழுக்காடு உயர்வு. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் இவற்றில் வரும் சிக்கல்கள் எல்லாம் எந்த ஆண்டறிக்கையிலும் எதிர்ப்படக்கூடியவை.

கோப்பில் கண்ணுக்குத் தெரியாததையும் படியுங்கள்

ஸ்லைடுகளைத் திரைக்காட்சியாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுத உட்கார வேண்டாம். பவர்பாயிண்ட் கோப்பாக இருந்தால் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் உள்ள `Notes` பகுதியைத் திறந்து பாருங்கள். ஸ்லைடு தயாரித்தவர் தமது நினைவுக்காக எழுதிவைத்த குறிப்புகள் அங்கே கிடக்கும்; "இந்த எண் ஒலிப்பதிவுப் பிரிவு அனுப்பியது", "அறைக்கு நிதி தந்தவர் பெயர் வேண்டாம் என்றார்" என்பது போன்ற ஒரு வரி அங்கே இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் வேலை மிச்சம். ஸ்லைடில் உள்ள எழுத்தையெல்லாம் ஒரே இடத்தில் படிப்பதற்கு `Outline View` உதவும் என்றாலும், அதை முழுமையாக நம்பிவிடக் கூடாது. தலைப்பும் உள்ளடக்கமும் வைப்பதற்கென்று ஸ்லைடில் அமைந்த பெட்டிகளில் உள்ள எழுத்து மட்டுமே அங்கே தெரியும். தனியாக வரைந்து ஒட்டிய எழுத்துப் பெட்டிகளும் படமாக ஒட்டிய எழுத்துகளும் அங்கே வருவதில்லை. சிறப்பம்ச ஸ்லைடுகளில் பெரிய எண்கள் பெரும்பாலும் அப்படித் தனிப் பெட்டிகளில்தான் இருக்கும்.

பி.டி.எஃப் கோப்பாக மட்டும் அனுப்பியிருந்தால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். குறிப்புகள் பெரும்பாலும் பி.டி.எஃப் வடிவத்தில் சேர்ந்து வருவதில்லை.

மேடையில் சொல்லும் முன் எண்ணைச் சோதியுங்கள்

திரையில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண்ணைவிட மேடையில் தவறாகச் சொல்லப்படும் எண் அதிகச் சேதம் விளைவிக்கும். அந்த எண்ணை வைத்து ஒருவருக்கு நன்றி சொல்கிறோம். எண் பிழையானால் நன்றியும் பிழையாகிவிடும். என் தொடக்க நாள்களில் நான் ஆற்றிய ஒரு நன்றியுரையில், ஒரு பெரிய எண்ணைச் சொல்லி, "இந்த ஓராண்டில் இத்தனை பேரைச் சென்றடைந்த களப்பணியாளர்களுக்கு நன்றி" என்றேன். அது நிறுவனம் தொடங்கிய நாள் முதலான மொத்த எண்ணிக்கை. களப்பணியாளர்கள் ஐவரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள்; அவர்கள் கைதட்டவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் செய்யாததற்கு நன்றி பெறுவது எவ்வளவு சங்கடம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது ஸ்லைடு அத்தகையது. "பயனாளிகள் 1,940" என்பதில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை. பதிவேட்டை வைத்திருப்பவரிடம் கேட்டால், 1,940 என்பது தொடக்கம் முதல் பதிவு செய்துகொண்டவர்களின் மொத்தம் என்றும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் 430 பேர் என்றும் சொல்கிறார். நன்றியுரைக்கு உரியது 430தான், ஏனெனில் இந்த ஆண்டில் யாரோ செய்த வேலையால் வந்த எண் அதுதான்.

ஆறாவது ஸ்லைடிலும் ஒரு கேள்வி இருக்கிறது. 18 விழுக்காடு உயர்வு என்பது தணிக்கை முடிந்த கணக்கா என்று நிதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். "இன்னும் முடியவில்லை, சிறிது மாறலாம்" என்று அவர் சொன்னால், எண்ணை விட்டுவிட்டு நன்கொடையாளர்களுக்கு மட்டும் நன்றி சொல்லலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை. இயக்குநர் குழுவுக்காக மட்டும் தயாரித்த ஸ்லைடில் உள்ள வருவாய் எண், பொதுவில் வெளியிடப்படும் வரை நன்றியுரையில் வாய் தவறியும் வரக் கூடாது. பொதுவாக, அன்றைய கூட்டத்தில் திரையில் காட்டப்படும் ஸ்லைடுகளிலிருந்து மட்டுமே நிதி எண்ணை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.

இலக்கு எட்டப்படாத ஸ்லைடு ஒன்றும் இருக்கக்கூடும். 350 நூல்கள் என்று இலக்கு வைத்து 312தான் முடிந்திருந்தால், 312 நூல்களை வாசித்தவர்களுக்கு நன்றி சொல்வதில் தடை ஏதும் இல்லை. "இலக்கை எட்டத் துணைநின்ற" என்ற பழகிய தொடர் மட்டும் கை தவறி உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கேள்வியோடு தேடிப் போங்கள்

இந்த வேலையில் மிகுதியான நேரத்தை இந்தப் படிக்கே ஒதுக்க வேண்டும். எழுதுவதற்கு ஒரு மணி நேரம் போதும். கேட்டறிவதற்கு அரை நாளாவது வேண்டும்.

ஒவ்வொரு சிறப்பம்சத்தையும் ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரே அந்த எண்ணைத் தந்த பிரிவின் பொறுப்பாளர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவரைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த எண் இப்படி வந்ததற்கு யார் என்ன செய்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் தலைவர், செயலர், பொருளாளர் என்று பதவி வரிசையில் பெயர்கள் வரும். என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் நிகழ்ச்சி வரும். நிகழ்ச்சியோடு சேர்ந்து ஆளும் வருவார்.

மூன்றாவது ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். "செயல்முறை மேம்பாட்டின் மூலம்" என்ற தொடர் எதையும் சொல்லவில்லை. பொறுப்பாளரைக் கேட்டால் முதலில் அவரும் "முறையைக் கொஞ்சம் மாற்றினோம்" என்றுதான் சொல்வார். "முன்பு எப்படி இருந்தது, மாற்றலாம் என்று முதலில் சொன்னது யார்?" என்று அடுத்துக் கேட்டால் கதை விரிகிறது. முன்பு ஒரு நூல் முழுவதையும் வாசித்து முடித்த பிறகே பிழைதிருத்தக் குழுவினர் கேட்பார்கள். ஏழாம் இயலில் ஒரு பிழை கண்டால் வாசித்தவரைத் திரும்ப அழைக்க வேண்டும். அவர் வெளியூர் போயிருப்பார், அல்லது தொண்டை கட்டியிருப்பார், வந்தாலும் குரல் முன்போல ஒட்டாது. பிழைதிருத்தக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒவ்வோர் இயலையும் அது பதிவான அன்றே கேட்டுவிடலாம் என்று சொன்னார். அதற்கு வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமே என்று மற்றவர்கள் தயங்கியபோது, முதல் மூன்று மாதங்கள் தாமே ஒவ்வொரு நாளும் வந்து அடுத்த அறையில் அமர்ந்து கேட்டுக் காட்டினார். அதைப் பார்த்து நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். 41 நாள் 26 நாள் ஆனது இப்படித்தான்.

இந்தச் செய்தி ஸ்லைடில் ஓரிடத்திலும் இல்லை. இரண்டு கேள்விகளில் கிடைத்துவிட்டது. இதை ஸ்லைடு தயாரித்தவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று எண்ண வேண்டாம். ஆறு சொற்களுக்குள் எழுத வேண்டிய இடத்தில் ஆளுக்கு இடம் கிடைப்பதில்லை.

நான்காவது ஸ்லைடுக்குக் கேள்வியோடு சிறிது கணக்கும் தேவை. 4,700 மணிநேரம் என்பது பெரிதா சிறிதா என்பதைக் கேட்பவரால் உணர முடியாது. அதை 312 நூல்களால் வகுத்தால் ஒரு நூலுக்கு ஏறத்தாழ 15 மணிநேரம் வருகிறது. ஒரு நூலுக்காக ஒருவர் பதினைந்து மணிநேரம் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார் என்பது கேட்பவருக்கு உடனே விளங்கும். 86 பேரால் வகுத்தும் பார்க்கலாம். ஒருவருக்கு ஏறத்தாழ 55 மணிநேரம் வரும். ஆனால் இந்தச் சராசரியைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. இருநூறு மணிநேரம் தந்தவரும் பத்து மணிநேரம் மட்டுமே தர முடிந்தவரும் அதே அரங்கில் அமர்ந்திருப்பார்கள். ஒருவருக்கு அந்த எண் குறைவாகவும் மற்றவருக்குக் குத்தலாகவும் படும். நூலுக்கு எத்தனை மணிநேரம் என்ற கணக்கில் இந்தச் சிக்கல் வருவதில்லை.

யாருடைய பெயரைச் சொல்வது

புதியவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: ஒரு குழுவில் ஒருவர் பெயரைச் சொன்னால் அந்தக் குழுவில் எல்லாருடைய பெயரையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒருவர் பெயரும் வேண்டாம், குழுவின் பெயர் போதும். 86 தன்னார்வலர்களில் மூவரை மட்டும் பெயர் சொல்லிப் பாராட்டினால் 83 பேர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். ஆகவே அவர்களைக் குழுவாகக் குறிப்பிட்டு, வந்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்வது நல்லது. பிழைதிருத்தக் குழுவில் ஐந்தே பேர் இருப்பதால் ஐவரின் பெயரையும் சொல்லலாம். அந்த ஆசிரியை முதலில் செய்ததைத் தனியாகச் சொல்வதற்கும் அதில் இடம் இருக்கிறது.

விதிவிலக்குகளும் உண்டு. ஐந்தாவது ஸ்லைடில் உள்ள ஒலிப்பதிவு அறைக்கு நிதி தந்தவர் தம் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அப்படியானால் பெயரை மட்டுமல்லாமல் அவரை அடையாளம் காட்டிவிடும் குறிப்புகளையும் தவிர்க்க வேண்டும். "நம் பகுதியின் முன்னாள் மருத்துவர் ஒருவர்" என்றால் அரங்கில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பயனாளியான மாணவரின் பெயரைச் சொல்வதானால் அவரிடமும், சிறுவராயின் பெற்றோரிடமும் முன்பே ஒப்புதல் பெற வேண்டும். ஸ்லைடில் அவர் படம் இருக்கிறது என்பது நன்றியுரையில் பெயர் சொல்வதற்கான ஒப்புதல் ஆகாது.

பெயர்ப் பட்டியல் முடிந்ததும் ஒவ்வொருவரின் முதலெழுத்து, பதவி, பெயரை அவர் ஒலிக்கும் விதம் ஆகியவற்றை அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் சரிபாருங்கள். ஆண்டின் இடையில் பதவி மாறியவர்களும் மறைந்தவர்களும் பட்டியலில் இருக்கக்கூடும். இந்தச் சரிபார்ப்பை ஒழுங்காகச் செய்துவிட்டால், "யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க" என்ற வழக்கமான முடிப்பு தேவைப்படாது. அந்த வரியைச் சொன்னதும் அரங்கில் இருப்பவர்கள் விடுபட்டவர் யார் என்றுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

செயலை முன்னும் பெயரைப் பின்னும் வையுங்கள்

நன்றியுரைக்குத் தமிழ் வாக்கியம் இயல்பாகவே ஒத்துழைக்கிறது. "செய்த", "தந்த", "கேட்டுக் காட்டிய" என்று பெயரெச்சமாக முன்னால் செயல் வரும். அதன் பின்னே பெயர் வரும். கடைசியில் "நன்றி" வரும். செயலைக் கேட்கும்போதே யாராக இருக்கும் என்று அரங்கு காத்திருக்கிறது, பெயர் வந்ததும் கைதட்டுகிறது. பெயரை முதலில் சொல்லிவிட்டு, "அவர்கள் ஆற்றிய பணி என்னவென்றால்" என்று தொடங்கினால், கைதட்டல் இடையிலேயே வந்து செயலை விழுங்கிவிடும்.

ஆனால் இதே அமைப்பில் ஒரு பொறியும் இருக்கிறது. நான்கைந்து பெயரெச்சங்களை அடுக்கிவிட்டால் பெயர் வருவதற்குள் மூச்சு முட்டும், கேட்பவருக்கும் தொடக்கம் மறந்துபோகும். எழுதிய வாக்கியத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். பெயரை அடையும் முன் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள். பின்னணியை ஒரு தனி வாக்கியமாக முதலில் சொல்லிவிட்டு, நன்றியை அடுத்த வாக்கியத்தில் வைத்தால் போதும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். வாக்கியத்தில் உள்ள பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறொருவர் பெயரை வைத்துப் படியுங்கள். "தம் பொன்னான நேரத்தை ஒதுக்கி, அயராது உழைத்த" என்பது எவருக்கும் பொருந்தும். ஆகவே அது அவருக்குச் சொன்ன நன்றி ஆகாது. "ஒவ்வோர் இயலையும் அன்றன்றே கேட்டுவிடலாம் என்று சொன்ன" என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும். "மனமார்ந்த", "இதயபூர்வமான", "நெஞ்சார்ந்த" என்ற அடைமொழிகளை மாற்றி மாற்றிப் போட்டு வாக்கியங்களை வேறுபடுத்த முயல வேண்டாம். செயல்கள் வேறுபட்டால் "நன்றி" என்ற ஒரே சொல் பத்து முறை வந்தாலும் சலிப்புத் தட்டாது.

எண்களைப் பொறுத்தவரை, மொத்த உரையில் ஐந்தாறு எண்களுக்கு மேல் வேண்டாம். எழுதும்போதே அவற்றை ஒலிக்கும் வடிவத்தில் எழுதிவிடுங்கள். தாளில் 312 என்று இருந்தால் மேடைப் பதற்றத்தில் நாக்கு இடறும். "முந்நூற்றுப் பன்னிரண்டு" என்று இருந்தால் இடறாது. நாள்களை வாரங்களாக மாற்றுவதும் உதவும்: 41 நாள் என்பது ஏறக்குறைய ஆறு வாரம், 26 நாள் என்பது நான்கு வாரத்துக்குள்.

உருவான உரை

மேலே சொன்னவற்றைச் சேர்த்து எழுதினால், நம் எடுத்துக்காட்டு நிறுவனத்தின் நன்றியுரை ஏறத்தாழ இப்படி அமையும். புள்ளியிட்ட இடங்களில் பெயர்கள் வரும்.

"பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, ஒலிநூல் பணியில் உடன்வரும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த விழாவுக்குத் தலைமையேற்று நடத்தித் தந்த எங்கள் அறங்காவலர் குழுத் தலைவர் ……… அவர்களுக்கு நன்றி. தம் உரையில் ……… என்று குறிப்பிட்டு, எங்கள் பணியை நாங்களே இன்னொரு கோணத்தில் பார்க்கச் செய்த சிறப்பு விருந்தினர் ……… அவர்களுக்கு நன்றி.

சற்று முன்பு திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு நூல்கள் என்று பார்த்தோம். அவற்றில் ஒவ்வொரு நூலுக்காகவும் ஏறத்தாழப் பதினைந்து மணிநேரம் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறார். தங்கள் வேலை முடிந்த பிறகும் விடுமுறை நாள்களிலும் வந்து அப்படி அமர்ந்து வாசித்த எங்கள் தன்னார்வலர்கள் அனைவருக்கும் நன்றி. அவர்களில் இங்கு வந்திருப்பவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நூலை முடிக்க ஆறு வாரம் ஆனது. இந்த ஆண்டு நான்கு வாரத்துக்குள் முடிகிறது. நூல் முழுவதும் முடிந்த பிறகே பிழை பார்ப்பது எங்கள் பழைய வழக்கம். ஒவ்வோர் இயலையும் அன்றன்றே கேட்டுவிடலாம் என்று சொல்லி, முதல் மூன்று மாதங்கள் தாமே நாள்தோறும் வந்து கேட்டுக் காட்டிய ……… அம்மையாருக்கு நன்றி. அவரோடு சேர்ந்து அதை நிலைபெறச் செய்த ………, ………, ………, ……… ஆகிய நால்வருக்கும் நன்றி.

இந்த ஆண்டு நானூற்று முப்பது பேர் புதிதாக நம்மிடம் சேர்ந்தார்கள். தங்கள் வகுப்பில் இருக்கும் மாணவருக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பித் தந்து அனுப்பிய ஆசிரியர்களுக்கு நன்றி.

புதிய ஒலிப்பதிவு அறையை அமைத்துத் தந்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்லைக் காத்து, அந்த அறையில் இனிப் பதிவாகும் ஒவ்வொரு குரலின் சார்பாகவும் அவருக்கு நன்றி சொல்கிறேன். சிறிதும் பெரிதுமாக நிதி தந்து இந்தப் பணியை நடத்திவைக்கும் அனைவருக்கும் நன்றி.

இன்று காலை முதல் இந்த மேடையையும் ஒலியையும் கவனித்துக்கொண்ட ………, ……… ஆகியோருக்கும், இறுதிவரை இருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்."

இந்த உரை ஸ்லைடுகளின் வரிசையில் செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பயனாளிகள் இரண்டாவது ஸ்லைடில் இருந்தாலும், உரையில் வாசித்தவர்களுக்கும் திருத்தியவர்களுக்கும் பின்னால்தான் வருகிறார்கள். அங்கும் நன்றி பெறுபவர்கள் பயனாளிகள் அல்லர். அவர்களை அழைத்துவந்த ஆசிரியர்கள். அந்தச் செய்தியும் பதிவேட்டுப் பொறுப்பாளரைக் கேட்டபோது கிடைத்ததுதான். ஆறாவது ஸ்லைடின் விழுக்காடு உரைக்குள் வரவே இல்லை. 86 என்ற எண்ணும் வரவில்லை, ஏனெனில் அங்கே ஆள்களே எழுந்து நிற்கப்போகிறார்கள்.

மேடைக்குப் போகும் முன்

நிதானமாகப் பேசும்போது எனக்கு ஒரு நிமிடத்துக்கு 85 தமிழ்ச் சொற்கள் வரை ஆகின்றன. உங்கள் வேகத்தை அறிய, உரையை ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து சொற்களை எண்ணிப் பாருங்கள். நன்றியுரை நான்கு நிமிடத்துக்குள் அடங்கினால் போதும். ஆனால் நிகழ்ச்சி நீண்டுபோய், "இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுங்கள்" என்ற சொல் மேடையின் ஓரத்தில் காதில் விழுவது மிகச் சாதாரணம். அப்போது வேகமாகப் படித்து முழுவதையும் முடிக்க முயலக் கூடாது. எந்த வாக்கியங்களை விடலாம் என்பதை முன்பே தாளின் ஓரத்தில் கோடிட்டு வைத்திருங்கள். நம் உரையில் புதிய மாணவர்களைப் பற்றிய பத்தியில் முதல் வாக்கியத்தை விட்டுவிடலாம், தன்னார்வலர் பத்தியில் இரண்டு வாக்கியங்களைக் குறைக்கலாம். ஆனால் யாருக்குமான நன்றியை முற்றிலும் விட்டுவிடக் கூடாது. விவரிப்பு குறையலாம், ஆள் குறையக் கூடாது.

உரையைக் கையடக்கமான அட்டைகளில், 16 அல்லது 18 புள்ளி எழுத்தில் அச்சிட்டு, அட்டைகளுக்கு எண் இடுங்கள். பெயர்களைத் தடித்த எழுத்தில் வையுங்கள். ஒரு பெயர் இரண்டு அட்டைகளுக்கு இடையே உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினரின் உரையிலிருந்து ஒரு கருத்தைச் சேர்ப்பதற்கு விட்ட இடத்தை, அவர் பேசும்போதே பேனாவால் நிரப்ப வேண்டும். அவர் சொன்னதில் உங்களுக்கு நன்றாகப் புரிந்த ஒன்றை மட்டும் அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விருந்தினர் வராமல் போனால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அவருக்குப் பதிலாகப் பேசியவரின் பெயரை எழுதுங்கள். அடிக்க மறந்து, வராத விருந்தினருக்கு வருகை தந்தமைக்காக நன்றி சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விழா தொடங்கும் முன், அன்று திரையிடப்போகும் ஸ்லைடுகளின் இறுதிப் பதிப்பை ஒருமுறை பாருங்கள். கடைசி நேரத்தில் 312 என்பது 309 ஆகியிருக்கக்கூடும். அப்படி மாறியிருந்தால் அட்டையிலும் திருத்திவிடுங்கள். நூலுக்குப் பதினைந்து மணிநேரம் என்ற கணக்கு அப்போதும் மாறாது, அதனால் அந்த வாக்கியத்தைத் தொட வேண்டியதில்லை.

விழா முடிந்த மறுநாள் இன்னொரு சிறு வேலை இருக்கிறது. தொலைபேசியில் கேட்டறிந்த செய்திகளை, அதாவது எந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்ன செய்தார்கள் என்பதை, அந்தந்த ஸ்லைடின் `Notes` பகுதியில் இரண்டு வரியாக எழுதி, கோப்பைத் தயாரித்தவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டவரின் பெயரை மட்டும் அங்கேயும் எழுத வேண்டாம்.